வாக்கியில் கட்டாகி வந்த செய்தி: செய்வதற்கு முன் திருப்பிச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு காற்றாலை சைட்டின் கண்ட்ரோல் ரூமில் பல வருடம் வாக்கி செட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாயும் சீசனில், அதாவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, புதுப் பையன்கள் வேலைக்கு வருவார்கள். எல்லாரும் கேட்கும் சந்தேகம் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இங்கே சொல்வது சாதாரண வி.எச்.எஃப். வாக்கி பற்றி. பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

அண்ணா, சொன்னதைத் திருப்பிச் சொல்லுன்னு சொல்றீங்க. "சரிங்க"ன்னு சொன்னாப் போதாதுங்களா?

போதாது. "சரிங்க" என்றால் உன் காதில் ஏதோ விழுந்தது என்று மட்டும்தான் எதிராளிக்குத் தெரியும். என்ன விழுந்தது என்று தெரியாது. அவர் 45 என்று சொல்லியிருப்பார், உனக்கு 5 என்று கேட்டிருக்கும். இரண்டு பேரும் "சரி" என்று சொல்லிவிட்டு இரண்டு வேறு வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

முறை மூன்று படிதான். அவர் சொல்கிறார். நீ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறாய். அவர் அதைக் கேட்டுவிட்டு "சரியாச் சொன்னீங்க, செய்யுங்க" என்கிறார். அந்த மூன்றாவது படி வரும் வரைக்கும் கை ஸ்விட்ச் பக்கம் போகக் கூடாது.

ஏனுங்ணா, முதல் வார்த்தை மட்டும் எப்பவும் கட்டாகுதே, செட்டு ரிப்பேருங்களா?

பெரும்பாலும் செட்டு நன்றாகத்தான் இருக்கும். நாம் பட்டனை அமுக்குவதற்கும் எதிர் செட்டின் ஸ்பீக்கர் திறப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. முதலில் நம் செட்டு முழு பவருக்கு வர வேண்டும். அடுத்து, எதிர் செட்டில் டோன் வைத்திருந்தால், நம் குரலுக்கு அடியில் போகும் அந்த மெல்லிய டோனை அது அடையாளம் கண்ட பிறகுதான் கதவைத் திறக்கும். 67 ஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த டோனில் ஒரு சுற்றுக்கே சுமார் 15 மில்லி விநாடி ஆகிறது. சில சுற்றுகளையாவது கேட்டால்தான் செட்டு நம்பும். பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் எதிர் செட்டு விட்டுவிட்டுத் தூங்கி எழுந்து கொண்டிருக்கும். நாம் பேச ஆரம்பித்த நேரத்தில் அது தூக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். நடுவில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் இந்தத் தாமதம் இரண்டு தடவை.

எல்லாம் சேர்ந்தால் கால் விநாடியிலிருந்து அரை விநாடி வரை போய்விடலாம். நாம் வேகமாகப் பேசும்போது அரை விநாடியில் மூன்று எழுத்து ஓடிவிடும். அதனால் பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் வாயைத் திற. முதலில் நீ கூப்பிடுகிற ஆளின் பெயரையும் அடுத்து உன் காற்றாலை மெஷின் நம்பரையும் சொல்: "கண்ட்ரோல், கண்ட்ரோல், இது நாலு அஞ்சு." எதாவது அறுந்தாலும் அந்த முதல் "கண்ட்ரோல்" அறுந்து போகட்டும், விஷயம் பிழைக்கும்.

கடைசி வார்த்தையும் சில நேரம் போகுதுங்களே?

அது நம் விரல் செய்கிற வேலை. பேசி முடிக்கும் முன்பே மனது முடித்துவிடுகிறது, விரல் பட்டனை விட்டுவிடுகிறது. வண்டியில் குலுங்கிக்கொண்டு பேசினால் இன்னும் மோசம். சில செட்டில் ஒரேயடியாக நீளமாகப் பேசினால் தானாகவே அறுத்துவிடும் டைமர் இருக்கிறது. ஒரு நிமிடம் என்று வைத்திருந்தால், அதற்கு மேல் நீ பேசுவது உனக்கு மட்டும்தான் கேட்கும். பட்டனை அமுக்கியிருக்கும் வரை எதிராளி சொல்வதும் உனக்கு விழாது, அதனால் அறுந்ததே உனக்குத் தெரியாது. கடைசி வார்த்தை முடிந்ததும் அரை விநாடி பொறுத்து விடு.

கட்டாகி வந்தா நமக்கே தெரிஞ்சுடுமே. தெரியும்போது மட்டும் திருப்பிக் கேட்டுக்கலாமில்லீங்களா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். "...ப்பத்தி" என்று பாதியில் வந்தால் யாரும் கேட்பார்கள், அதில் ஆபத்து இல்லை. ஆபத்து, அறுந்த பிறகும் முழுசாகத் தெரிகிற செய்தியில்தான் இருக்கிறது.

நம் எண்களை எடுத்துப் பார். நாப்பத்தஞ்சு என்பதில் முன்பாதி போனால் மிச்சம் அஞ்சு. பதினஞ்சு, இருவத்தஞ்சு, முப்பத்தஞ்சு எல்லாவற்றுக்கும் அதே கதி. முன்னூறில் முதல் எழுத்து போனால் நூறு. தொண்ணூறில் "தொ" போனாலும் காதுக்கு நூறு. அறுந்து வந்த எண்ணும் ஒரு நல்ல எண்தான், அந்த எண்ணில் ஒரு மெஷினும் இருக்கும்.

கடைசியைப் பார். தமிழில் ஒரு வாக்கியத்தின் விதி கடைசியில்தான் முடிவாகிறது. லைனில் கரண்டை விடவும் நிறுத்தவும் வைத்திருக்கும் ஏ.பி. ஸ்விட்ச் பற்றி "ஏ.பி. ஸ்விட்ச் போடலாம்னு சொன்னது வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, "வேண்டாம்" அறுந்தால் "ஏ.பி. ஸ்விட்ச் போடலாம்னு சொன்னது" என்று நிற்கும். கேட்பவன் மனது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். "அங்க ஆள் யாரும் இல்லை" என்பதில் கடைசி போனால் "அங்க ஆள்". இது பரவாயில்லை, எச்சரிக்கையாகத்தான் கேட்கிறது. "இன்னும் வேலை முடிஞ்சதுன்னு சொல்லலை" என்பதில் முன்னும் பின்னும் போனால் "வேலை முடிஞ்சது". சொன்னதற்கு நேர் எதிர்.

நம் கொங்குப் பக்கத்து "ங்க" இதில் கொஞ்சம் உதவுகிறது. "வேண்டாமுங்க" என்று சொன்னால் விரல் அவசரப்பட்டாலும் முதலில் போவது அந்த "ங்க"தான், "வேண்டாம்" தப்பிக்கிறது. மரியாதைக்குச் சொன்னது காவலாகவும் நிற்கிறது. ஆனாலும் இதை நம்பி உட்கார முடியாது. மறுப்பை வாக்கியத்தின் முன்னுக்கும் கொண்டு வா: "வேண்டாமுங்க. ஏ.பி. போட வேண்டாமுங்க."

அப்போ இங்கிலீஷ்ல சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துதுங்களா?

இடம் மாறும், தீராது. "டூ நாட் சார்ஜ்", அதாவது லைனுக்குக் கரண்ட் கொடுக்காதே, என்பதில் மறுப்பு முன்னால் இருக்கிறது. முன்னால் அறுவதுதான் அதிகம் என்று மேலே பார்த்தோம். "டூ நாட்" போனால் காதில் விழுவது "சார்ஜ்". எந்த மொழியிலும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த சைட்டில் எல்லாருக்கும் பழகிய மொழி எதுவோ அதில் பேசுங்கள்.

நேர்ல அப்படி ஏதாச்சும் நடந்திருக்குங்களா, இல்லை சும்மா பயமுறுத்தறீங்களா?

நடந்தது. நான் கண்ட்ரோல் ரூமுக்கு வந்த முதல் சீசன், ஜூன் மாதம். காற்று கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. 45-ஆம் மெஷினின் டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் ஒரு கேங், 5-ஆம் மெஷின் யார்டில் இன்னொரு கேங். இரண்டுக்கும் டி.பி. ஸ்ட்ரக்சர் என்கிற தனித்தனி இரட்டைக் கம்பம், தனித்தனி ஏ.பி. ஸ்விட்ச். கரண்ட் வராமல் இருக்க இரண்டு ஸ்விட்சும் திறந்து வைக்கப்பட்டிருந்தன.

45-இல் வேலை முடிந்தது. அங்கிருந்த பையன் ஜீப்பில் ஏறிக்கொண்டே பட்டனை அமுக்கின கையோடு, கூப்பிடாமல், பெயர் சொல்லாமல், "நாப்பத்தஞ்சு வேல முடிஞ்சுதுங்க, ஏ.பி. போட்டுக்கலாமுங்க" என்று சொல்லியிருக்கிறான். என் ஸ்பீக்கரில் வந்தது: "அஞ்சு வேல முடிஞ்சுதுங்க, ஏ.பி. போட்டுக்கலாமுங்க." தெளிவாக, இரைச்சல் இல்லாமல். காற்றுச் சத்தத்தில் யார் குரல் என்று பிடிபடவில்லை. நான் "சரி" என்றேன். அவனும் தனக்குத்தான் சரி சொன்னார்கள் என்று ஜீப்பைக் கிளப்பிவிட்டான்.

அடுத்து நான் 5-இன் டி.பி. பக்கம் நின்றிருந்த பெரியவரைக் கூப்பிட்டு, "அஞ்சு முடிஞ்சுதாம், போட்டுருங்க" என்றேன். அவர் பட்டனை அமுக்கி நிதானமாகத் திருப்பிச் சொன்னார்: "கண்ட்ரோல், மெஷின் நம்பர் சைபர் அஞ்சு. சைபர் அஞ்சு. வேலை முடிஞ்சுதுன்னு ஏ.பி. போடச் சொல்றீங்க. சரிங்களா? எனக்கு இங்க யாரும் வந்து சொல்லலீங்களே."

நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பிலிருந்து அந்தப் பையன் குறுக்கே வந்தான்: "கண்ட்ரோல், நான் சொன்னது நாலு அஞ்சுங்க, நாலு அஞ்சு!" 5-இன் யார்டில் அந்த நேரம் இரண்டு பேர் லைனை இணைக்கும் ஜம்பர் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்விட்சுக்குப் போட வேண்டிய பூட்டு அன்றைக்கு வேறு வண்டியில் கிடந்தது. தப்பிக் கரண்ட் வந்தால் தரைக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டியிருந்தார்கள், அது ஒன்றுதான் பாக்கிக் காவல்.

இதில் இன்னொன்றையும் பார். பெரியவர் திருப்பிச் சொன்னது எனக்காக. ஆனால் தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அதே சேனலில் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது ஆள். திருப்பிச் சொல்வதை எல்லாருக்கும் கேட்கிற சேனலில் சொல்வதன் பலன் அது. அதற்கு அப்புறம் எங்கள் சைட்டில் எந்த மெஷினையும் இரண்டு இலக்கமாகத்தான் சொல்வோம். நாலு அஞ்சு, சைபர் அஞ்சு. ஒரே ஒரு இலக்கம் காதில் விழுந்தால் ஏதோ அறுந்திருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

பேசற எல்லாத்தையும் திருப்பிச் சொன்னா சேனல் அடைச்சுக்குமேங்க?

எல்லாவற்றையும் வேண்டாம். "சாப்பாடு வந்துதுங்க" என்பதற்கு "சரிங்க" போதும். கை அசைந்து ஏதாவது நடக்கப் போகிறது என்றால் மட்டும் மூன்று விஷயத்தைத் திருப்பிச் சொல்: எது (நம்பர்), என்ன செய்யணும் (போடவா, எடுக்கவா), யார் சொன்னது. பத்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

திருப்பிச் சொல்லும்போது எண்ணின் உருவத்தை மாற்றிச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் "நாப்பத்தஞ்சு" என்றால் நீ "நாலு, அஞ்சு" என்று சொல். கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாமல் புரிந்து சொன்னாய் என்று அவருக்கும் தெரியும், ஒரே இடத்தில் இரண்டு தடவை அறுந்தாலும் அகப்பட்டுக்கொள்ளும்.

நடுவுல ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போச்சு. "நாப்பத்தஞ்சுங்களா?"ன்னு கேட்டுக்கலாமுங்களா?

அப்படிக் கேட்காதே. நீ ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுத்தால், அவசரத்தில் இருப்பவர் "ஆமாங்" என்றுதான் சொல்வார். உன் கேள்வியே பாதி கட்டாகிப் போயிருந்தால் அவர் எதற்கு ஆமாம் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

காதில் விழுந்த வரையில் சொல், விழாத இடத்தைக் காலியாக விடு. "வேலை முடிஞ்சுது, ஏ.பி. போடணும், அது கேட்டுது. அதுக்கு முன்னாடி சொன்னது கேட்கலை. எந்த மெஷினுங்க?" இப்படிக் கேட்டால் அவர் தானாக எண்ணைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின்னும் ஒரு தடவை முழுசாகத் திருப்பிச் சொல்ல மறக்காதே, துண்டு துண்டாகச் சேர்த்ததை அப்படியே நம்பக் கூடாது.

நான் ஒழுங்காத்தான் திருப்பிச் சொன்னேன். அவரும் சரின்னாரு. ஆனாலும் தப்பாப் போச்சு. ஏனுங்?

நீ தப்பாகத் திருப்பிச் சொல்லியிருப்பாய், அவர் கேட்காமல் சரி சொல்லியிருப்பார். சொல்லி முடித்த ஆள் தன் வேலை முடிந்ததாக நினைத்து அடுத்த வேலைக்கு மனதைத் திருப்பிவிடுகிறார். தான் சொன்னதுதான் திரும்பி வரும் என்று அவர் காது எதிர்பார்க்கிறது, எதிர்பார்த்ததே அவருக்குக் கேட்கிறது. திருப்பிச் சொல்வதில் அறுவதை விட இங்கே அறுவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

நான் கண்ட்ரோலில் பழகிக்கொண்ட வழி இதுதான். ஒரு உத்தரவு கொடுக்கும் முன் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிவிடுவேன்: 45, போடு. எதிராளி திருப்பிச் சொல்லும்போது பேனா முனையை ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் வைத்துக்கொண்டு கேட்பேன். இலக்கம் பொருந்தினால் அடியில் கோடு, இல்லையென்றால் "தப்புங்க, மறுபடி சொல்றேன்" என்று முதலிலிருந்து. தப்பான இடத்தை மட்டும் திருத்த மாட்டேன்.

ஒரே நேரத்துல ரெண்டு பேர் பட்டன அமுக்கினா என்னங்க ஆகும்?

நம் வாக்கி எஃப்.எம். முறையில் ஓடுகிறது. அதில் பலமான சிக்னல் பலவீனமானதை முழுசாக விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசினதே யாருக்கும் தெரியாது. இரண்டும் ஏறக்குறைய சம பலமாக இருந்தால்தான் கரகரப்பு வரும். அதனால் சத்தம் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து செய்தி முழுசு என்று முடிவு கட்ட முடியாது. ஒருவர் பேச்சின் முதல் பாதியும் இன்னொருவர் பேச்சின் கடைசியும் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. மேலே சொன்ன மாதிரி "யார் சொன்னது" என்பதையும் திருப்பிச் சொல்வது இதற்காகத்தான்.

விமானங்களின் ரேடியோ ஏ.எம். முறை. அதில் இரண்டு பேர் மோதினால் கீச்சென்று விசில் வரும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு 747 விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானி தனக்கு வந்த வழித்தட உத்தரவைத் திருப்பிச் சொன்னார். கடைசியில், கிளம்பும் நிலைக்கு வந்துவிட்டோம் என்ற பொருளில் குழப்பமான ஒரு வரியையும் சேர்த்தார். விமான நிலைய டவர் "ஓகே" என்று ஆரம்பித்து, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று முடித்தது. அதே நொடியில் பான் ஆம் விமானம், நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்றது. இரண்டும் மோதி, கே.எல்.எம். காக்பிட்டில் "ஓகே"க்கு அப்புறம் விசில்தான் கேட்டது. அங்கேயும் திருப்பிச் சொல்லுதல் நடந்தது. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு யாரும் நேராகப் பதில் கேட்டு வாங்கவில்லை. விசில் வந்தபோது "மறுபடி சொல்லுங்க" என்று யாரும் கேட்கவில்லை. டேக்-ஆஃப் என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். "போடு" என்ற சொல் ஸ்விட்சைப் போடும் உத்தரவுக்கு மட்டும். "பூட்டுப் போடு", "எர்த் போடு" என்று சேனலில் சொல்வதில்லை. "பூட்டு மாட்டு", "எர்த் மாட்டு".

திருப்பிச் சொன்னேன், பதிலே வரலை. என்ன செய்யறதுங்க?

எதையும் செய்யாதே. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் நீ நிற்கும் இடத்தை மாற்றிப் பார். நாம் வைத்திருக்கும் அலைவரிசையில் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். டவரிலும் ஷெட்டிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிட்டால், ஒன்றிரண்டு எட்டு நகர்ந்தாலே மறுபடி கேட்கும். அப்படியும் வரவில்லையென்றால் வேறு ஒரு ஆள் மூலமாகக் கேள். அவரும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நிறுத்து"ன்னு பாதியா கேட்டாலும் திருப்பிச் சொல்லிட்டுத்தான் நிறுத்தணுமுங்களா?

இது ஒன்றுதான் விதிவிலக்கு. நிறுத்து, எடு, இறங்கு என்ற மாதிரி எது காதில் விழுந்தாலும் முதலில் செய்துவிடு, அப்புறம் திருப்பிச் சொல். "நிறுத்த வேண்டாம்" என்றதில் கடைசி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு மெஷின் பத்து நிமிடம் சும்மா நிற்கும், அவ்வளவுதான். போடுவதும் ஏற்றுவதும்தான் மூன்றாவது படிக்குக் காத்திருக்க வேண்டும். சந்தேகம் எந்தப் பக்கம் போனால் ஆளுக்கு அடி படாதோ அந்தப் பக்கம் போ.

இப்போ டிஜிட்டல் செட்டு வந்திருச்சே, அதுல கட்டாகாதுங்களே?

ஆகும். கேட்கிற செட்டு தாமதமாக ஒட்டிக்கொண்டால் அதிலும் முன்பகுதி போகும். பழைய செட்டில் சிக்னல் குறையும்போது இரைச்சல் ஏறி ஒரு எச்சரிக்கை கொடுக்கும். டிஜிட்டலில் அந்த இரைச்சல் இல்லை, சுத்தமாக இருக்கும், சட்டென்று ஒரு துண்டு காணாமல் போகும், மறுபடி சுத்தமாக இருக்கும். பட்டனை அமுக்கினதும் ஒரு பீப் வந்தால் அந்தப் பீப் முடிந்த பிறகு பேசு.

லைன்ல வேலை செய்ய அனுமதி தர்ற எல்.சி. பேப்பர் கையில இருக்கு, கையெழுத்தும் ஆயிருச்சு. அப்புறம் எதுக்குங்க இதெல்லாம்?

பேப்பர் காலையில் எழுதினது. "முடிஞ்சுது" என்ற செய்தி மத்தியானம் வாக்கியில்தான் வருகிறது. இரண்டும் வேண்டும். ஆனால் திருப்பிச் சொல்லுதலுக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பினது அப்படியே வந்து சேர்ந்ததா என்று மட்டும்தான் அது காட்டும். அனுப்பினவரே தப்பான மெஷினில் நின்றுகொண்டு பேசினால், எத்தனை தடவை திருப்பிச் சொன்னாலும் அந்தத் தப்பு பத்திரமாக வந்து சேரும்.

அதனால் எங்கள் பெரியவர் மூன்றாவது படி வந்த பிறகும் ஸ்விட்சைப் போட்டுவிட மாட்டார். மெஷின் கதவில் பெயிண்டில் எழுதியிருக்கும் நம்பரை வாய்விட்டுப் படிப்பார். பூட்டு கழட்டினது யார், சாவி யாரிடம் என்று கேட்பார். எர்த் ராடைத் தன் கையால் தொட்டு எண்ணி வண்டியில் ஏற்றச் சொல்வார். அதற்கு அப்புறம்தான் கையுறையை மாட்டுவார்.